கால்பந்து ஸ்கோரை பாய்சான் பரவலால் மதிப்பிடுவது: அணிகளின் வலுவிலிருந்து ஸ்கோர் அட்டவணை வரை

இந்தக் கணக்கைப் புதிதாகப் போடுகிறவர்கள் சூத்திரத்தில் தடுமாறி நான் அதிகம் பார்த்ததில்லை. தடுமாறுவது வரிசையில்தான். லீக் சராசரியை எடுக்கும் முன்பே அணியின் வலுவைக் கணக்கிடுவார்கள். சொந்த மைதானத்தின் சாதகத்தை இரண்டு முறை சேர்த்துவிடுவார்கள். கடைசியில் ஒரே ஒரு ஸ்கோரைத் தேர்ந்தெடுத்து, "மாடல் சொல்லும் முடிவு இது" என்பார்கள். அதனால் எதை முதலில் செய்வது, ஏன் அதை முதலில் செய்வது என்ற வரிசையிலேயே எழுதுகிறேன்.

தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2018 செப்டம்பர் 15 அன்று வெம்பிளியில் டாட்டன்ஹாம் லிவர்பூலை எதிர்கொண்டது. அந்த ஆட்டத்தை, முந்தைய 2017-18 பிரீமியர் லீக் சீசனின் கோல் எண்ணிக்கையை மட்டும் வைத்து மதிப்பிடப் போகிறோம். டாட்டன்ஹாம் அந்தச் சீசன் முழுவதும் வெம்பிளியையே சொந்த மைதானமாக வைத்திருந்தது. ஆகவே மைதானம் மாறியதே என்ற சிக்கல் இங்கே இல்லை.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு லீக்கின் ஒரு முழுச் சீசன் முடிவுகள் போதும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஐந்து தகவல்கள் வேண்டும்: தேதி, சொந்த மைதான அணி, வெளி அணி, இரண்டு அணிகளும் அடித்த கோல்கள். football-data.co.uk தளத்தில் பிரீமியர் லீக்கின் கோப்பு `E0.csv` என்ற பெயரில் கிடைக்கும். அதில் நமக்கு வேண்டிய பத்திகள் `Date`, `HomeTeam`, `AwayTeam`, `FTHG`, `FTAG`. கடைசி இரண்டும் முழு ஆட்ட நேர முடிவில் சொந்த அணியும் வெளி அணியும் அடித்த கோல்கள்.

கோப்பைத் திறந்ததும் மூன்றைச் சரிபாருங்கள். 20 அணிகள், 380 ஆட்டங்கள் இருக்க வேண்டும். ஒரே அணிக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் இருக்கக் கூடாது. `Man United` ஓரிடத்திலும் `Manchester United` இன்னோரிடத்திலும் வந்தால் மாடல் அவற்றை இரண்டு அணிகளாக எண்ணிவிடும். தேதி நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் இருக்கிறது. அதை மாதம் முதலில் வருவதாகப் படித்துவிட்டால் ஆட்டங்களின் கால வரிசையே கலைந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் இதைக் கண்டுபிடிக்கவும் நேரமாகும்.

லீக் அல்லாத கோப்பைப் போட்டிகளின் ஆட்டங்களையும் சேர்க்கிறவர்கள் கூடுதல் நேர கோல்களையும் பெனால்டி ஷூட்அவுட்டையும் நீக்கிவிட வேண்டும். நாம் மதிப்பிடுவது 90 நிமிட ஆட்டத்தை மட்டும்தான்.

## 2. லீக் சராசரியை முதலில் எடுங்கள்

அணிகளைத் தொடும் முன் லீக்கைப் பார்க்க வேண்டும். ஒரு அணி வலுவானதா என்று கேட்டால் எதோடு ஒப்பிட்டு என்ற கேள்வி கூடவே வரும். அந்த ஒப்பீட்டுக்கான அளவுகோல்தான் லீக் சராசரி.

2017-18 சீசனில் மொத்தம் 1018 கோல்கள். சொந்த மைதான அணிகள் அடித்தவை 582, வெளி அணிகள் அடித்தவை 436. 380 ஆட்டங்களால் வகுத்தால் சொந்த அணிக்கு ஆட்டத்துக்கு 1.532, வெளி அணிக்கு 1.147. மைதானத்தைப் பார்க்காமல் ஒரு அணிக்கு ஒரு ஆட்டத்தில் எத்தனை என்றால், 1018-ஐ 760-ஆல் வகுத்து 1.339.

மூன்று எண்களையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். அடுத்த படியில் 1.339 மட்டுமே வேண்டும். அதற்கடுத்த படியில் மற்ற இரண்டும் வேண்டும். இவற்றை மாற்றிப் போடுவதுதான் நான் மிக அதிகமாகக் காணும் பிழை.

சராசரியை எந்தச் சீசனிலிருந்து எடுக்கிறோம் என்பதும் முக்கியம். கொரோனாவால் பெரும்பாலும் பார்வையாளர் இல்லாமல் நடந்த 2020-21 சீசனில் சொந்த அணிகள் 514 கோல்களும் வெளி அணிகள் 510 கோல்களும் அடித்தன. சொந்த அணிகள் 144 ஆட்டங்களை வென்றன; வெளி அணிகள் 153. சொந்த மைதான சாதகம் என்றைக்கும் மாறாத எண் என்று நினைத்துப் பழைய மதிப்பையே போட்டு வைத்திருந்தவர்களின் கணக்கு அந்த வருடம் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்திருக்கும்.

## 3. ஒவ்வொரு அணிக்கும் இரண்டு எண்கள்

இப்போது அணிகளுக்கு வரலாம். தாக்குதல் எண் என்பது அந்த அணி ஆட்டத்துக்கு அடித்த கோல்களை லீக் சராசரியால் வகுத்தால் வருவது. தற்காப்பு எண் என்பது அந்த அணி ஆட்டத்துக்கு வாங்கிய கோல்களை அதே சராசரியால் வகுத்தால் வருவது.

தற்காப்பு எண் குறைவாக இருந்தால்தான் நல்ல தற்காப்பு. "தற்காப்பு வலு 0.7" என்று எழுதி வைத்தால் ஒரு வாரம் கழித்துப் பார்க்கும்போது அது பலவீனம் போலத் தோன்றும். அதனால் என் தாள்களில் இந்தப் பத்திக்கு "விட்டுக்கொடுப்பு" என்று பெயர் வைத்திருக்கிறேன். குறைவாக விட்டுக்கொடுப்பது நல்லது என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. இங்கும் அப்படியே அழைக்கிறேன்.

2017-18 சீசனின் 38 ஆட்டங்களில் டாட்டன்ஹாம் 74 கோல் அடித்து 36 வாங்கியது. லிவர்பூல் 84 அடித்து 38 வாங்கியது.

டாட்டன்ஹாமின் தாக்குதல்: 74 ÷ 38 = 1.947, அதை 1.339-ஆல் வகுத்தால் 1.454. விட்டுக்கொடுப்பு: 36 ÷ 38 = 0.947, வகுத்தால் 0.707.

லிவர்பூலின் தாக்குதல் இதே முறையில் 1.650, விட்டுக்கொடுப்பு 0.747.

சொந்த மைதானத்துக்கு ஒரு தாக்குதல் எண், வெளி மைதானத்துக்கு இன்னொன்று என்று நான்கு எண்களாகப் பிரிக்கலாமே என்று பலரும் கேட்பார்கள். வேண்டாம் என்பது என் கருத்து. பிரித்தால் ஒவ்வொரு எண்ணுக்கும் 19 ஆட்டங்கள்தான் மிஞ்சும். தற்செயலின் பங்கு பெரிதாகிவிடும். ஆர்சனல் 2017-18-ல் சொந்த மைதானத்தில் 54 கோல், வெளியே வெறும் 20 கோல். பிரித்துக் கணக்கிட்டால் வெளி மைதானத்தில் ஆர்சனலின் தாக்குதல் லீக் சராசரிக்கும் கீழே போகும். அடுத்த சீசனில் அதே அணி சொந்த மைதானத்தில் 42, வெளியே 31 அடித்தது. பயிற்சியாளர் மாறியது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அவ்வளவு பெரிய இடைவெளியை அணியின் நிலையான குணம் என்று எடுத்துக்கொண்டவர் ஏமாந்திருப்பார்.

## 4. எதிர்பார்க்கும் கோல்: இந்த இரண்டு எண்கள்தான் மாடல்

சொந்த அணி எதிர்பார்க்கும் கோலை λ என்றும் வெளி அணியுடையதை μ என்றும் குறிப்போம்.

```
λ = சொந்த_சராசரி × சொந்த_அணி_தாக்குதல் × வெளி_அணி_விட்டுக்கொடுப்பு
μ = வெளி_சராசரி × வெளி_அணி_தாக்குதல் × சொந்த_அணி_விட்டுக்கொடுப்பு
```

நம் ஆட்டத்துக்கு:

```
λ = 1.532 × 1.454 × 0.747 = 1.66
μ = 1.147 × 1.650 × 0.707 = 1.34
```

சொந்த மைதானத்தின் சாதகம் முதல் எண்ணிலேயே, அதாவது 1.532-க்கும் 1.147-க்கும் உள்ள வித்தியாசத்திலேயே அடங்கிவிட்டது. இதற்கு மேல் "சொந்த மைதானம் என்பதால் இன்னும் பத்து சதவீதம்" என்று கூட்டுவது ஒரே சாதகத்தை இரண்டு முறை எண்ணுவது.

ஏன் பெருக்குகிறோம், ஏன் கூட்டவில்லை? நல்ல தாக்குதல் பலவீனமான தற்காப்பைச் சந்திக்கும்போது கோல்கள் இரண்டு பக்கமும் சேர்ந்து பெருகுகின்றன என்பது ஒரு காரணம். பெருக்கினால் எண் ஒருபோதும் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது என்பது இன்னொன்று. கூட்டிக் கழித்தால் மிகப் பலவீனமான அணிக்கு எதிர்பார்ப்பு எதிர்மறையாகவே வந்துவிடக்கூடும்.

இனி வரும் எல்லாமே இந்த இரண்டு எண்களிலிருந்துதான் வருகிறது. ஸ்கோர் அட்டவணை விசித்திரமாகத் தெரிந்தால் அட்டவணையை நோண்ட வேண்டாம். λ, μ இரண்டையும் திரும்பப் பாருங்கள்.

## 5. ஸ்கோர் அட்டவணை

பாய்சான் பரவல் ஒரு சராசரியைக் கொடுத்தால், சரியாக 0, 1, 2, 3 கோல் விழும் வாய்ப்பு ஒவ்வொன்றையும் திருப்பித் தருகிறது.

```
P(k) = e^(−λ) × λ^k / k!
```

λ = 1.66 என்றால் டாட்டன்ஹாம் கோலே அடிக்காமல் போக 19.0%, ஒன்று 31.6%, இரண்டு 26.2%, மூன்று 14.5%, நான்கு 6.0%. μ = 1.34 என்றால் லிவர்பூலுக்கு 26.2%, 35.1%, 23.5%, 10.5%, 3.5%.

இரண்டு அணிகளின் கோல்களும் ஒன்றையொன்று சாராதவை என்று இப்போதைக்கு எடுத்துக்கொண்டால், ஒரு ஸ்கோரின் வாய்ப்பு இரண்டு எண்களின் பெருக்கல். 1-1 என்றால் 0.316 × 0.351 = 11.1%. 2-1 என்றால் 9.2%. 1-0 என்றால் 8.3%. 1-2 என்றால் 7.4%.

மிக அதிக வாய்ப்புள்ள ஸ்கோருக்கே 11 சதவீதம்தான் என்பதைக் கவனியுங்கள். ஒன்பது முறை இந்த ஆட்டம் நடந்தால் ஒரு முறைதான் 1-1 வரும். "மாடல் 1-1 என்று சொன்னது, ஆனால் தவறாகிவிட்டது" என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. மாடல் தருவது முழு அட்டவணையை.

அட்டவணையை 5 கோலோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு பக்கம் 10 வரை போங்கள். இங்கே வித்தியாசம் சிறியது. ஆனால் λ மூன்றைத் தாண்டும் ஆட்டங்களில் 5-க்கு மேலே கணிசமான வாய்ப்பு ஒளிந்திருக்கும். முழு அட்டவணையையும் கூட்டினால் 1-க்கு மிக அருகில் வர வேண்டும். 0.97 என்று வந்தால் வெட்டிவிட்டீர்கள் என்று பொருள்.

## 6. அட்டவணையைக் கூட்டிப் படிப்பது

சொந்த அணி அதிகம் அடித்த கட்டங்களைக் கூட்டினால் டாட்டன்ஹாம் வெல்ல 45.0%. மூலைவிட்டத்தில் உள்ள 0-0, 1-1, 2-2 முதலியவற்றைக் கூட்டினால் டிராவுக்கு 24.0%. மிச்சம் 31.0% லிவர்பூலுக்கு.

மொத்த கோல் எத்தனை என்று தெரிய அட்டவணையே வேண்டாம். சாராத இரண்டு பாய்சான் எண்களின் கூட்டல் இன்னொரு பாய்சான்தான். அதன் சராசரி λ + μ. இங்கே 1.66 + 1.34 = 3.00. சராசரி 3 உள்ள பாய்சானில் 0 கோலுக்கு 5.0%, 1 கோலுக்கு 14.9%, 2 கோலுக்கு 22.4%. மூன்றும் சேர்ந்து 42.3%. ஆகவே மூன்று அல்லது அதற்கு மேல் கோல் விழ 57.7%.

சராசரி 3 என்றவுடன் "மூன்றும் அதற்கு மேலும் பாதிக்குப் பாதி" என்று நினைத்துவிடுவார்கள். பரவல் ஒரு பக்கம் சாய்ந்தது என்பதால் அப்படி வராது. அதனால் சராசரியை மட்டும் பார்த்து முடிவு சொல்லாமல் கட்டங்களைக் கூட்டியே சொல்லுங்கள்.

இரண்டு அணிகளும் கோலடிக்கும் வாய்ப்பு (1 − 0.190) × (1 − 0.262) = 59.8%.

உண்மையில் அந்த ஆட்டம் 1-2 என்று முடிந்தது, லிவர்பூல் வென்றது. நம் அட்டவணையில் அதற்கு இருந்த இடம் 7.4%, நான்காவது வரிசையில் வரும் சாதாரண ஸ்கோர். இதை வைத்து மாடல் நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல முடியாது. அதற்கான வழி பத்தாவது படியில் இருக்கிறது.

## 7. λ-வில் எவ்வளவு ஊசலாட்டம் இருக்கிறது

இந்தப் படியைப் பெரும்பாலோர் செய்வதே இல்லை. எனக்கோ இதுதான் மிக அவசியமாகப் படுகிறது.

லிவர்பூல் 38 கோல் வாங்கியது என்று எழுதினோம். அந்த 38-ம் ஒரு தற்செயல் எண்தான். பாய்சான் எண்ணிக்கையின் திட்ட விலக்கம் அதன் வர்க்கமூலம், 38-க்கு 6.2. அதாவது அதே தரமுள்ள அணி, அதே போல ஆடி, 32 கோலோ 44 கோலோ வாங்கியிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. விட்டுக்கொடுப்பு எண்ணில் மட்டும் இது 16 சதவீத ஊசலாட்டம். டாட்டன்ஹாமின் 74 கோலில் 12 சதவீத ஊசலாட்டம். இரண்டும் சேர்ந்தால் λ-வில் சுமார் 20 சதவீதம். ஆகவே 1.66 என்று நாம் எழுதியது உண்மையில் 1.3-க்கும் 2.0-க்கும் இடையே எங்கோ இருக்கும் ஒரு எண்.

இதைத் தெரிந்துகொண்டால் "45.0% வெற்றி" என்பதில் உள்ள அந்த .0-ஐ யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இது தற்செயலால் வரும் ஊசலாட்டம் மட்டுமே. அணியே மாறியிருந்தால் அது தனிக் கணக்கு. அந்த 38 கோலில் ஒரு பகுதி, 2018 ஜனவரியில் விர்ஜில் வான் டைக் வருவதற்கு முன் வாங்கியவை. ஜூலையில் கோல்கீப்பர் அலிசன் வந்தார். 2018-19 சீசன் முடிவில் லிவர்பூல் மொத்தம் 22 கோல்தான் வாங்கியிருந்தது. செப்டம்பரில் நாம் போட்ட 0.747 என்ற விட்டுக்கொடுப்பு எண்ணுக்கு இதில் எதுவும் தெரியாது. முடிவுகளை மட்டும் படிக்கும் மாடலின் எல்லை இது.

## 8. எதிரணிகளைக் கணக்கில் எடுத்துப் பொருத்துவது

கையால் போட்ட விகிதக் கணக்கு முழுச் சீசனுக்கு நன்றாகவே பொருந்தும். ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணிகளையும் இரண்டு முறை சந்தித்துவிடுகிறது. ஆனால் பத்தாவது வாரத்தில் நிலைமை வேறு. ஒரு அணி கடினமான ஐந்து அணிகளைச் சந்தித்திருக்கும். இன்னொன்று எளிய ஐந்தை. விகிதக் கணக்குக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அப்போது எல்லா அணிகளின் எண்களையும் ஒரே நேரத்தில் பொருத்த வேண்டும்.

முழுச் சீசனிலும் ஒரு சிறு பிசகு உண்டு. லிவர்பூல் தன் சொந்தத் தற்காப்பை எதிர்த்து ஆடுவதில்லை. ஆகவே அது சந்தித்த தற்காப்புகள் லீக் சராசரியைவிடக் கொஞ்சம் பலவீனமானவை. பொருத்தும்போது இதுவும் சரியாகிவிடும். வித்தியாசம் ஓரிரு சதவீதம்தான்.

செய்யும் முறை இது: ஒவ்வொரு ஆட்டத்தையும் இரண்டு வரிசைகளாக உடையுங்கள். ஒன்று சொந்த அணி அடித்த கோல், மற்றொன்று வெளி அணி அடித்தது.

```python
import pandas as pd, numpy as np
import statsmodels.api as sm
import statsmodels.formula.api as smf

df = pd.read_csv("E0.csv")
h = pd.DataFrame({"goals": df.FTHG, "team": df.HomeTeam,
                  "opp": df.AwayTeam, "home": 1})
a = pd.DataFrame({"goals": df.FTAG, "team": df.AwayTeam,
                  "opp": df.HomeTeam, "home": 0})
d = pd.concat([h, a], ignore_index=True)
m = smf.glm("goals ~ home + team + opp", data=d,
            family=sm.families.Poisson()).fit()
```

வரும் எண்கள் எல்லாம் மடக்கையில் இருக்கும். அவற்றை e-யின் அடுக்காக ஏற்றினால்தான் நாம் பார்த்த பெருக்கல் எண்கள் கிடைக்கும். அகர வரிசையில் முதலில் வரும் அணிக்கு எண்ணே இருக்காது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எல்லாத் தாக்குதலையும் இரட்டிப்பாக்கி எல்லா விட்டுக்கொடுப்பையும் பாதியாக்கினால் பெருக்கல் மாறாது அல்லவா? அந்தத் தெளிவின்மையை நீக்க ஒரு அணியை அளவுகோலாக நிறுத்த வேண்டியிருக்கிறது. மற்ற அணிகளின் எண்கள் எல்லாம் அந்த அணியோடு ஒப்பிட்டவை.

ஓடி முடிந்ததும் `home` என்ற எண்ணை முதலில் பாருங்கள். முழுச் சீசன் தரவு என்றால் அது கணித ரீதியாகவே மொத்த சொந்த கோல் ÷ மொத்த வெளி கோல் என்பதன் மடக்கையாக இருந்தாக வேண்டும். 582 ÷ 436 = 1.335, அதன் மடக்கை 0.289. உங்களுக்கு வேறு எண் வந்தால் வரிசைகளை உடைக்கும்போது எங்கோ கோல் பத்தியையோ `home` மதிப்பையோ மாற்றிப் போட்டுவிட்டீர்கள். நான் பார்த்தவரை அது பெரும்பாலும் `a` என்ற இரண்டாவது பகுதியில்தான் நடக்கிறது.

அப்புறம் அட்டவணை:

```python
from scipy.stats import poisson

x = pd.DataFrame({"team": ["Tottenham", "Liverpool"],
                  "opp": ["Liverpool", "Tottenham"],
                  "home": [1, 0]})
lam, mu = m.predict(x)
k = np.arange(11)
M = np.outer(poisson.pmf(k, lam), poisson.pmf(k, mu))
win, draw = np.tril(M, -1).sum(), np.trace(M)
```

`M`-இல் வரிசை சொந்த அணியின் கோல், பத்தி வெளி அணியின் கோல். ஆகவே சொந்த அணி வெல்வது மூலைவிட்டத்துக்குக் கீழே உள்ள பகுதி.

## 9. குறைந்த ஸ்கோர் திருத்தமும் பழைய ஆட்டங்களின் எடையும்

இரண்டு அணிகளின் கோல்களும் ஒன்றையொன்று சாராதவை என்று ஐந்தாவது படியில் எடுத்துக்கொண்டோம். அது முழு உண்மை இல்லை. நிஜத்தில் 0-0, 1-1 ஆகியவை கணக்கு சொல்வதைவிடக் கொஞ்சம் அதிகமாகவும், 1-0, 0-1 கொஞ்சம் குறைவாகவும் வருகின்றன. டிக்சன், கோல்ஸ் என்ற இருவர் 1997-ல் இதற்கு ஒரு எளிய திருத்தம் கொடுத்தார்கள். நான்கு கட்டங்களை மட்டும் பெருக்கி மாற்ற வேண்டும்:

```
0-0: 1 − λμρ
1-0: 1 + μρ
0-1: 1 + λρ
1-1: 1 − ρ
```

ρ சிறிய எதிர்மறை எண். அதைத் தரவிலிருந்தே பொருத்த வேண்டும். இங்கே விளக்கத்துக்காக −0.10 என்று வைக்கிறேன். 0-0 வாய்ப்பு 5.0-இலிருந்து 6.1 சதவீதமாகும். 1-1 வாய்ப்பு 11.1-இலிருந்து 12.2 ஆகும். 1-0 வாய்ப்பு 8.3-இலிருந்து 7.2-க்கும், 0-1 வாய்ப்பு 6.7-இலிருந்து 5.6-க்கும் இறங்கும். டிரா 24.0-இலிருந்து 26.2 சதவீதமாக ஏறும்.

நான்கு மாற்றங்களையும் கூட்டிப் பாருங்கள். சரியாகப் பூஜ்ஜியம். நான்கு கட்டங்களுமே இரண்டு கோலுக்குள் அடங்கியவை. ஆகவே "மூன்று அல்லது அதற்கு மேல்" என்ற 57.7% துளிகூட மாறாது. மொத்த கோல் கணிப்பு சரியில்லை என்று இந்தத் திருத்தத்தைச் சேர்க்கிறவர்கள் ஏமாற்றமடைவது இதனால்தான். அவர்களுடைய பிழை λ, μ இரண்டில் இருக்கிறது. "இரண்டு அல்லது அதற்கு மேல்" மாறும்: 80.1-இலிருந்து 81.2 சதவீதம்.

அடையாளத்தைக் கவனியுங்கள். 1-0 கட்டத்தில் வருவது μ, 0-1 கட்டத்தில் வருவது λ. மாற்றிப் போட்டால் கூட்டுத்தொகை 1-ஐவிட்டு நகரும். அதுவே நல்ல எச்சரிக்கை.

பழைய ஆட்டங்களின் எடை அடுத்தது. ஒன்றுக்கு மேற்பட்ட சீசன்களைச் சேர்க்கும்போது மூன்று வருடத்துக்கு முந்தைய ஆட்டமும் நேற்றைய ஆட்டமும் ஒரே மதிப்பு பெறக் கூடாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் `exp(-0.0019 * நாட்கள்)` என்ற எடை கொடுத்தால் ஒரு வருடம் பழைய ஆட்டத்துக்குப் பாதி மதிப்பு. அந்த 1997 ஆய்வு தேர்ந்தெடுத்த வேகமும் ஏறக்குறைய இதுதான். `glm` கட்டளையில் `freq_weights` என்று எடையைக் கொடுக்கலாம். "சமீபத்திய ஃபார்ம் முக்கியம்" என்று கடைசி ஐந்து ஆட்டங்களை மட்டும் எடுக்கிறவர்கள், ஏழாவது படியில் பார்த்த அந்த 16 சதவீத ஊசலாட்டத்தை 40, 50 சதவீதமாக்கிக்கொள்கிறார்கள்.

புதிதாக மேலே வந்த அணிகளுக்கு எண்ணே இருக்காது. 2018-19-க்கு வுல்வ்ஸ், கார்டிஃப், ஃபுல்ஹம் வந்தன. தொடக்க மதிப்பாக, முந்தைய சீசனில் கீழே போன மூன்று அணிகளின் சராசரியை வைப்பேன். ஸ்வான்சி, ஸ்டோக், வெஸ்ட் பிராம்விச் மூன்றும் சேர்ந்து 94 அடித்து 180 வாங்கின. தாக்குதல் 0.62, விட்டுக்கொடுப்பு 1.18. இது தொடக்கத்துக்கு மட்டும். அந்தச் சீசனில் ஃபுல்ஹம் 81 கோல் வாங்கிக் கீழே போனது. வுல்வ்ஸ் 47 அடித்து 46 வாங்கி ஏழாம் இடத்தில் முடித்தது. எட்டுப் பத்து ஆட்டங்கள் முடியும்வரை இந்த அணிகளின் ஆட்டங்களுக்கு வரும் அட்டவணையை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

## 10. சோதிப்பது

ஒரு ஆட்டத்தை வைத்துச் சோதிக்க முடியாது என்றேன். முழுச் சீசனை வைத்துச் சோதிக்க வேண்டும். அதில் ஒரே ஒரு கண்டிப்பான விதி: ஒவ்வொரு ஆட்டத்தையும் அதற்கு முந்தைய நாள் வரை நடந்த ஆட்டங்களை மட்டும் வைத்து மதிப்பிட வேண்டும். சீசன் முடிந்த தரவால் பொருத்திவிட்டு அதே சீசனின் ஆட்டங்களை மதிப்பிட்டால், விடைத்தாளைப் பார்த்து எழுதிய தேர்வு அது. முடிவு பிரமாதமாக இருக்கும்; அடுத்த வாரமே கவிழும்.

ஒவ்வொரு ஆட்டத்திலும் உண்மையில் நடந்த முடிவுக்கு (சொந்த வெற்றி, டிரா, வெளி வெற்றி) நீங்கள் கொடுத்த வாய்ப்பின் மடக்கையை எடுத்து, எதிர்மறையாக்கிச் சராசரி காணுங்கள். குறைவாக இருந்தால் நல்லது. நம் ஆட்டத்தில் லிவர்பூல் வெற்றிக்கு 0.310 கொடுத்தோம், அதன் மதிப்பெண் 1.17.

ஒப்பிட ஒரு அடிக்கோடு வேண்டும். 2017-18-ல் சொந்த வெற்றி 173, டிரா 99, வெளி வெற்றி 108. அணிகளின் பெயரே தெரியாதவர் எல்லா ஆட்டத்துக்கும் இந்த விகிதத்தையே சொல்லியிருந்தாலும் சராசரி 1.07 பெற்றிருப்பார். உங்கள் மாடல் ஒரு முழுச் சீசனில் 1.07-ஐவிடத் தெளிவாகக் கீழே வராவிட்டால், அணி எண்களால் எந்தப் பயனும் வரவில்லை.

மொத்த கோலுக்குத் தனிச் சோதனை வேண்டும். "மூன்று அல்லது அதற்கு மேல்" என்பதற்கு 55 முதல் 60 சதவீதம் வரை கொடுத்த ஆட்டங்களை எல்லாம் ஒரு குவியலாக எடுங்கள். அவற்றில் உண்மையில் எத்தனையில் மூன்று விழுந்தது என்று எண்ணுங்கள். குவியலில் நூறு ஆட்டமாவது இல்லாவிட்டால் எண்ண வேண்டாம். எல்லாக் குவியலிலும் உண்மை எண்ணிக்கை ஒரே பக்கமாக விலகினால், இரண்டாவது படியின் லீக் சராசரி பழையதாகிவிட்டது; அதைப் புதுப்பியுங்கள். அதிக வாய்ப்பு கொடுத்த குவியல்களில் குறைவாகவும், குறைந்த வாய்ப்பு கொடுத்தவற்றில் அதிகமாகவும் வந்தால், அணி எண்கள் சராசரியிலிருந்து அளவுக்கு மீறி விலகியிருக்கின்றன. அப்போது ஒவ்வொரு அணிக்கும் சராசரியான பத்து ஆட்டங்களைக் கற்பனையாகச் சேர்த்து எண்களை 1-ஐ நோக்கி இழுப்பேன். லிவர்பூலின் 84 கோலோடு 13.4 சேர்த்து, 38 ஆட்டத்தை 48 ஆக்கினால் தாக்குதல் 1.65-இலிருந்து 1.51-க்கு வரும். பத்து என்பது தொடக்க மதிப்புதான். ஐந்து, பதினைந்து என்று மாற்றி, மேலே சொன்ன மடக்கைச் சராசரி எதில் குறைகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.